லாரியின் பழுதை முன்கூட்டிச் சொல்லும் மரங்கள்

கனரக லாரியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. உலர்த்தி அதிலுள்ள ஈரத்தை நீக்குகிறது. அதன்பின் காற்று தொட்டிகளில் சேர்ந்து, பிரேக்குக்கும் கியர் மாற்றுவதற்கும் வேண்டியபோது திறந்துவிடப்படுகிறது. எங்கேனும் கசிவு ஏற்பட்டு அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால், பின்சக்கரங்களில் உள்ள வலுவான ஸ்பிரிங் தானாகவே விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் சரக்கோடு போய்க்கொண்டிருக்கும் லாரி நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், அதை இழுத்துச் செல்ல வேறொரு வண்டி வர வேண்டும், சரக்கு தாமதமாகும், பழுது பார்ப்பதும் அந்த இடத்திலேயே நடக்க வேண்டியிருக்கும். அதே கோளாறு பணிமனையில் முன்பே கண்ணில் பட்டிருந்தால் சாதாரணச் செலவோடு முடிந்திருக்கும்.

ஸ்வீடனின் லாரி நிறுவனமான ஸ்கேனியா, இந்தக் காற்றழுத்த அமைப்பைப் பற்றிய பதிவுகளை 2016இல் ஆய்வாளர்களுக்குப் பொதுவில் வெளியிட்டது. தரவுப் பகுப்பாய்வுக்கான ஒரு சர்வதேச மாநாடு அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, அதை ஒட்டிய போட்டிக்காக வந்த தரவு அது. லாரிகள் அன்றாடம் ஓடும்போது அவற்றின் சென்சார்களும் எண்ணிகளும் சேர்த்துவைத்த எண்களே உள்ளடக்கம். லாரிக்கு ஒரு வரிசை என அமைந்த அட்டவணை. பயிற்சிக்கு 60,000 வரிசைகள், சோதனைக்கு 16,000 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் 170 எண்கள். பயிற்சிக்கான 60,000 லாரிகளில் 1,000 மட்டுமே காற்றழுத்த அமைப்பின் ஒரு குறிப்பிட்ட பாகம் பழுதானவை. மற்ற 59,000 லாரிகளும் பழுதில்லாதவை அல்ல. அவற்றுக்கு இருந்தது வேறு இடத்துக் கோளாறு. புதிதாக ஒரு வரிசையைக் கொடுத்தால், அது இந்தப் பாகத்தின் பழுதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இதுதான் போட்டியின் கேள்வி.

போட்டியை அமைத்தவர்கள் ஒரு விலைப்பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழுதில்லாத லாரியைப் பழுதென்று சொன்னால் மெக்கானிக் ஒருவர் வீணாகச் சோதித்துப் பார்ப்பார். அதன் விலை 10. பழுதான லாரியைச் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டால் அது வழியில் நிற்கலாம். அதன் விலை 500. இந்த இரண்டு எண்கள் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடுகின்றன. சோதனைக்கான 16,000 லாரிகளில் 375 பழுதானவை. எதையுமே ஆராயாமல் எல்லா லாரியும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ஒருவர் 15,625 லாரிகளில் சரியாகச் சொல்லியிருப்பார். சதவீதத்தில் அது 97.66. பார்க்க அருமையான மதிப்பெண். ஆனால் தவறவிட்ட 375 லாரிகளுக்கு அவர் கொடுக்கும் விலை 1,87,500. எல்லா லாரியையும் பணிமனைக்கு அனுப்பிவிட்டால்கூட விலை 1,56,250தான். அதாவது ஒரு மாதிரி எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்பது இங்கே பயனுள்ள கேள்வியே இல்லை.

போட்டியில் முதலில் வந்த குழுவின் விலை 9,920. அவர்களுடைய முறை 542 லாரிகளை வீணாகச் சோதனைக்கு அனுப்பியது. பழுதான 375இல் 9 லாரிகளை மட்டும் தவறவிட்டது. மொத்தத் தவறுகள் 551. ஆகவே சரியாகச் சொன்ன விகிதம் 96.56 சதவீதம். எதையும் ஆராயாதவரைவிட இது குறைவு. விலையிலோ அவர் கொடுப்பதில் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு. இயந்திரப் பழுதை முன்கூட்டிச் சொல்வதாக விளம்பரம் செய்யும் எவரும் தொண்ணூற்றேழு சதவீதத் துல்லியம் என்று சொல்லும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை.

முதல் இரண்டு இடங்களைப் பிடித்த குழுக்களும் பயன்படுத்தியது முடிவு மரங்களை. பல மரங்களைத் தனித்தனியே வளர்த்து அவற்றின் வாக்குகளைச் சேர்க்கும் ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்ற முறை அது. மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, முந்தியது விட்ட குறையைப் பிந்தியது தீர்க்கும்படி வளர்ப்பது அதன் நெருங்கிய உறவான ‘கிரேடியன்ட் பூஸ்டிங்’. இதுபோன்ற அட்டவணைகளில் இன்று பெரும்பாலோர் முதலில் எடுப்பது இதைத்தான். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் ஃப்ரீட்மன் இதற்கான கோட்பாட்டை விரிவாக எழுதிய கட்டுரை 2001இல் வெளியானது. தியான்சி சென் எழுதிய எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற மென்பொருளால் இது பரவலாயிற்று. அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2016இல் வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் லைட்ஜிபிஎம், யான்டெக்ஸின் கேட்பூஸ்ட் ஆகியவை பின்னர் வந்தன.

ஒரு முடிவு மரம் செய்வது எளிய வேலை. ஒரு பத்தியை எடுத்து, ஓர் எல்லையை வைத்து, அதற்குக் கீழே உள்ள லாரிகளை இடப்பக்கமும் மேலே உள்ளவற்றை வலப்பக்கமும் பிரிக்கிறது. எந்தப் பத்தியில் எந்த எல்லையை வைத்தால் பழுதானவையும் மற்றவையும் நன்றாகப் பிரிகின்றன என்று எல்லாப் பத்திகளிலும் தேடிப் பார்த்தே அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. பிரிந்த ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி ஒரு கேள்வி. ஐந்தாறு கேள்விகளுக்குப் பிறகு கிளைகளின் நுனியில் சிறுசிறு கூட்டங்களாக லாரிகள் நிற்கும். அந்த நுனிகளுக்கு இலை என்று பெயர்.

பூஸ்டிங்கில் ஒரு மரத்தை மட்டும் நம்புவதில்லை. தொடக்கத்தில் எல்லா லாரிக்கும் ஒரே மதிப்பீடு: 60,000இல் 1,000 பழுது என்பதால் ஒவ்வொன்றுக்கும் பழுதாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1.7 சதவீதம். இந்த மதிப்பீடு ஒவ்வொரு லாரியிலும் எவ்வளவு தவறுகிறது என்று கணக்கிடப்படுகிறது. பழுதான லாரிக்குச் சொல்லியிருக்க வேண்டியது நூறு சதவீதம். எனவே அங்கே குறை மிகப் பெரிது. நல்ல லாரிக்குச் சொல்லியிருக்க வேண்டியது பூஜ்யம். அங்கே தவறு சிறிது. முதல் மரம் இந்தக் குறைகளைக் கணிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன் ஓர் இலையில் 100 லாரிகள் வந்து விழுந்து, அவற்றில் 40 பழுதானவை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை நிலவரம் அங்கே 40 சதவீதம். ஆனால் மதிப்பீட்டை ஒரே தாவலில் 1.7இலிருந்து 40க்குக் கொண்டுபோவதில்லை. கற்கும் வேகம் என்ற ஒரு சிறு எண்ணால் பெருக்கி, அந்தத் திசையில் கொஞ்சம் மட்டும் நகர்த்துகிறார்கள். அந்த எண் 0.05 என்றால், பூஸ்டிங்கின் அடிப்படைச் சூத்திரத்தின்படி இந்த 100 லாரிகளின் வாய்ப்பு முதல் மரத்துக்குப் பின் 5 சதவீதத்தை ஒட்டி வரும். மிஞ்சிய குறையை இரண்டாவது மரம் கற்கிறது. அதற்கும் மிஞ்சியதை மூன்றாவது. இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள்.

சிறு அடிகளாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 40 என்பதே தற்செயலாக வந்திருக்கலாம். அடுத்தடுத்த மரங்கள் வெவ்வேறு கேள்விகளால் லாரிகளை வேறு விதமாகக் கூட்டும்போது, உண்மையான அறிகுறி திரும்பத் திரும்ப வெளிப்படும், தற்செயலானது வெளிப்படாது. ஆனாலும் மரங்களை முடிவின்றிச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அவை பயிற்சி லாரிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க, பயிற்சித் தரவில் ஒரு பகுதியை, ஐந்தில் ஒன்றை என்று வைத்துக்கொண்டால், மரங்களுக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்கிறார்கள். ஒவ்வொரு மரம் சேர்ந்த பிறகும் அந்தப் பகுதியில் தவறு குறைகிறதா என்று பார்க்கிறார்கள். குறைவது நின்று ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

ஆழ்கற்றல் இதே வேலையைச் செய்யாதா என்ற கேள்வி இயல்பானது. படங்களிலும் பேச்சிலும் மொழியிலும் நியூரல் நெட்வொர்க்குகள் பெற்ற வெற்றி அப்படிப்பட்டது. ஆனால் அட்டவணை என்பது வேறு வகைப் பொருள். படத்தில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பு உண்டு. ஒரு புள்ளி மட்டும் தனியாக எதையும் சொல்லாது. அட்டவணையிலோ ஒவ்வொரு பத்தியும் தனக்கென்று ஒரு பொருள் கொண்டது. ஒன்று அழுத்தம், ஒன்று வெப்பநிலை, ஒன்று லாரி ஓடிய மொத்தத் தூரம். நியூரல் நெட்வொர்க் தன் முதல் படியிலேயே எல்லாப் பத்திகளையும் எடைபோட்டுக் கூட்டிக் கலந்துவிடுகிறது. பிறகு எது எது என்று பிரித்தறிய அதற்கு நிறைய உதாரணங்கள் தேவைப்படுகின்றன. இங்கே பழுதின் உதாரணங்கள் மொத்தம் ஆயிரம்தான். மரமோ ஒரு நேரத்தில் ஒரே பத்தியைத் தொடுகிறது. உதவாத பத்தியை எந்தக் கேள்விக்கும் எடுக்காமல் விட்டுவிடுகிறது.

2022இல் லியோ க்ரின்ஸ்டாய்ன், எடுவார் ஓயலோன், கேல் வரோக்கோ ஆகியோர் 45 அட்டவணைத் தரவுகளில் இரு வகை முறைகளையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் வரிசைகள் கொண்ட நடுத்தர அளவில் மரங்களே முன்னணியில் இருந்தன. அவர்கள் கண்ட காரணங்களில் இரண்டு மேலே சொன்னவை. மூன்றாவது, நியூரல் நெட்வொர்க்குகளுக்கு வழுவழுப்பான வளைவுகளைக் கற்கும் சாய்வு உண்டு என்பது. இயந்திரங்கள் பல சமயம் அப்படி நடந்துகொள்வதில்லை. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் வால்வு திறக்கும். அதற்குச் சற்று மேலே இருந்தால் திறக்காது. இத்தகைய திடீர் எல்லைகளை மரம் ஒரே கேள்வியில் பிடித்துவிடும்.

நடைமுறையில் இன்னும் இரண்டு வசதிகள் இருக்கின்றன. முதலாவது, மரத்துக்கு எண்களின் வரிசைமுறை மட்டுமே முக்கியம். ஒரு பத்தியில் மதிப்புகள் 0இலிருந்து 1 வரையும் அடுத்ததில் கோடிக்கணக்கிலும் இருந்தால் நியூரல் நெட்வொர்க்குக்கு அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், மரத்துக்கு வேண்டியதில்லை. இரண்டாவது வசதி இன்னும் பெரிது. ஸ்கேனியா தரவில் நிறைய கட்டங்கள் காலி. சில பத்திகளில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணே இல்லை. லாரியின் மாடலைப் பொறுத்து ஒரு சென்சார் இல்லாமலே இருக்கலாம். இருந்தும் பதிவு விட்டுப்போயிருக்கலாம். எக்ஸ்ஜிபூஸ்ட் இந்தக் காலிக் கட்டங்களை நிரப்பச் சொல்வதில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் மதிப்பு இல்லாத லாரிகளை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் அனுப்பிப் பார்த்து, எது நல்ல பிரிவைத் தருகிறதோ அந்தப் பக்கத்தை அந்தக் கேள்வியின் வழக்கமாக வைத்துக்கொள்கிறது. காலியாக இருப்பதே ஒரு செய்தி என்றால் அந்தச் செய்தியும் வீணாவதில்லை.

கற்பிக்கும் நிரல் சில வரிகள்தான்:

```python
from xgboost import XGBClassifier

m = XGBClassifier(n_estimators=400, learning_rate=0.05, max_depth=5)
m.fit(X, y)
p = m.predict_proba(X_test)[:, 1]
flag = p > 10 / 510
```

XGBClassifier வரியின் எண்கள் 400 மரங்கள், 0.05 வேகம், ஒவ்வொரு மரத்திலும் அதிகபட்சம் ஐந்தடுக்குக் கேள்விகள் என்பதைக் குறிக்கின்றன. இவை தொடங்கிப் பார்ப்பதற்கான எண்கள். ஒதுக்கி வைத்த பகுதியில் சோதித்துத்தான் இறுதி செய்ய வேண்டும். இந்த அளவு அட்டவணைக்குச் சாதாரண மடிக்கணினியே போதும். கவனித்துப் படிக்க வேண்டியது கடைசி வரி.

அந்த வரி மேலே சொன்ன விலைப்பட்டியலிலிருந்து வருகிறது. ஒரு லாரி பழுதாக இருக்கும் வாய்ப்பு 3 சதவீதம் என்று மாதிரி சொல்கிறது. அதை விட்டுவிட்டால் எதிர்பார்க்கும் இழப்பு 500இல் 3 சதவீதம், அதாவது 15. சோதனைக்கு அனுப்பினால் அது வீணாகும் வாய்ப்பு 97 சதவீதம், இழப்பு 9.7. அனுப்புவதே லாபம். வாய்ப்பு 1 சதவீதம் மட்டுமே என்றால் விடுவதன் இழப்பு 5, அனுப்புவதன் இழப்பு 9.9, விட்டுவிடலாம். இரண்டும் சமமாகும் இடம் 510இல் 10, ஏறக்குறைய 1.96 சதவீதம். பெரும்பாலான மென்பொருள்கள் தாமாக வைத்துக்கொள்ளும் எல்லை 50 சதவீதம். அதை அப்படியே விட்டால், பழுதாக இருக்க 40 சதவீத வாய்ப்புள்ள லாரியும் நன்றாக இருப்பதாகச் சொல்லப்பட்டு நெடுஞ்சாலைக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: மாதிரி 2 சதவீதம் என்றால் அது உண்மையாகவே 2 சதவீதமாக இருக்க வேண்டும். சரிபார்ப்பது கடினமல்ல. ஒதுக்கி வைத்த லாரிகளில் ஏறக்குறைய 2 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டவற்றை மட்டும் திரட்டி, அவற்றில் நூற்றுக்கு எத்தனை உண்மையில் பழுதானவை என்று எண்ண வேண்டும். இரண்டை ஒட்டி வந்தால் நம்பலாம். பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பழுதான லாரிகள் குறைவாக இருப்பதால் அவற்றுக்கு 59 மடங்கு எடை கொடுத்துப் பயிற்றுவிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படிச் செய்தால் மாதிரி சொல்லும் வாய்ப்புகள் எல்லாமே மிகையாக ஊதிவிடும். அதன் மேல் 1.96 சதவீத எல்லையையும் வைத்தால், நல்ல லாரிகளும் கூட்டம் கூட்டமாகப் பணிமனைக்குப் போகும். எடையை மாற்றலாம் அல்லது எல்லையை மாற்றலாம். ஒரே காரணத்துக்காக இரண்டையும் மாற்றக் கூடாது.

மரங்களுக்கும் குறை உண்டு. அவற்றுக்கு வகுக்கத் தெரியாது. காற்றுக் கசிவு இருக்கும் லாரியில் இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். ஒரு லாரியின் எஞ்சின் 10,000 மணி நேரமும் கம்ப்ரஸர் சுமையோடு 1,500 மணி நேரமும் ஓடியிருப்பதாகக் கொள்ளலாம். இன்னொன்றில் எஞ்சின் 2,000 மணி, கம்ப்ரஸர் 800 மணி. கம்ப்ரஸர் நேரத்தை மட்டும் பார்த்தால் முதல் லாரிதான் மோசம். விகிதத்தைப் பார்த்தால் முதலாவதில் 15 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம், கவலைக்குரியது இரண்டாவது. இரு பத்திகளையும் தனித்தனியே கொடுத்தால் மரம் அந்த விகிதத்தைப் படிப்படியாக வெட்டி, தோராயமாகத்தான் எட்டும். அதற்கு நிறைய கேள்விகளும் நிறைய உதாரணங்களும் செலவாகும். மனிதர் ஒருவர் விகிதத்தைக் கணக்கிட்டு ஒரு புதுப் பத்தியாகச் சேர்த்துவிட்டால் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்.

ஸ்கேனியா தரவிலேயே இதற்கு இடமிருக்கிறது. 170 எண்களில் 70, உண்மையில் ஏழு அளவீடுகளின் பரவல்கள். ஒவ்வொன்றும் பத்துப் பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டது. ag_000 முதல் ag_009 வரை ஒரு பரவல். அளவீடு எந்த வரம்பில் எத்தனை முறை இருந்தது என்பதை இப்படிப்பட்ட பெட்டிகள் எண்ணிவைக்கின்றன. அதிகம் ஓடிய லாரியில் பத்துப் பெட்டிகளும் பெரிதாக இருக்கும். அதனால் எண்ணிக்கை மட்டும் லாரியின் உழைப்பைச் சொல்லுமே தவிர நிலைமையைச் சொல்லாது. ஒவ்வொரு பெட்டியையும் பத்தின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பரவலின் வடிவம் தெரியும். பரவல் உயர் வரம்பை நோக்கி நகர்ந்திருக்கிறதா என்பதே பழுதைத் தேடுபவருக்கு வேண்டிய செய்தி. மரமா நியூரல் நெட்வொர்க்கா என்ற வாதத்தில் செலவாகும் நேரத்தில் பாதியை இத்தகைய பத்திகளை யோசிப்பதில் செலவிட்டால் பலன் அதிகம். அதற்கு மெக்கானிக்கின் அறிவு தேவை. வெளியிட்ட தரவில் பத்திகளின் உண்மைப் பெயர்களை நிறுவனம் மறைத்துவிட்டது. அதனால் வெளியாருக்கு இந்த வழி ஓரளவுக்குமேல் திறப்பதில்லை. சொந்தத் தொழிற்சாலையின் பதிவுகளை வைத்து வேலை செய்பவருக்கு அந்தத் தடை கிடையாது.

போட்டி முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் பார்க்கத்தக்கது. இரண்டாம் இடம் பெற்ற குழுவின் விலை 10,900: வீண் சோதனை 490, தவறவிட்டவை 12. முதலிடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 980. தவறவிட்ட ஒரு லாரியின் விலை 500 என்பதால், இந்த வித்தியாசம் இரண்டு லாரிகளின் விலையைக்கூட எட்டவில்லை. 375 பழுதான லாரிகள் மட்டுமே உள்ள சோதனையில் இரண்டு லாரி இப்படியோ அப்படியோ விழுவது தற்செயல். வேறொரு 16,000 லாரிகளைக் கொடுத்திருந்தால் வரிசை மாறியிருக்கக்கூடும். அதே சோதனைத் தரவைத் திரும்பத் திரும்பப் பார்த்து எல்லையை அதற்கேற்பத் திருத்தி, முந்தைய சாதனையை முறியடித்ததாகச் சொல்லும் முடிவுகளுக்கு இன்னும் குறைவான மதிப்பே உண்டு. எல்லை, மரங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பயிற்சிப் பகுதியில் முடிவு செய்துவிட்டு, சோதனைத் தரவை ஒரே ஒருமுறை திறப்பதே முறை.

இதைவிடப் பெரிய பொறி காலத்தோடு தொடர்புடையது. ஸ்கேனியாவின் 2016 தரவில் லாரிக்கு ஒரு வரிசை மட்டுமே இருப்பதால் அது தென்படுவதில்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகர மெட்ரோ ரயிலில் உள்ள கம்ப்ரஸரின் பதிவுகள் வேறு மாதிரி. 2020 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரையிலான அந்தத் தரவில் 15 அளவீடுகள், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். ஆனால் நிறுவனம் குறித்துவைத்த பழுதுகள் நான்கே. நான்கும் காற்றுக் கசிவுகள். வரிசைகளைச் சீட்டுப்போல் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரே கசிவின் ஒரு நொடி பயிற்சியிலும் அதை அடுத்த சில நொடிகள் சோதனையிலும் வந்துவிடும். மாதிரி ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும். ஆனால் அது கற்றது அந்த நான்கு கசிவுகளின் முகத்தை மட்டுமே. ஐந்தாவது கசிவைப் பற்றி அது எதையும் நிரூபிக்கவில்லை.

சரியான வழி, காலத்தை வெட்டுவது. முதல் சில மாதங்களில் பயிற்சி, அடுத்து வரும் மாதங்களில் சோதனை. பல இயந்திரங்கள் இருந்தால் ஓர் இயந்திரத்தின் எல்லா வரிசைகளும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழியொன்று இருக்கிறது: கலைத்துப் பிரித்தபோது வந்த மதிப்பெண்ணையும் காலத்தால் பிரித்தபோது வந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது சரிந்து விழுந்தால் முதலாவது மனப்பாடம். நான்கே பழுதுகள் உள்ள இடத்தில் மரங்களோ ஆழ்கற்றலோ எதுவும் பழுதின் பொது இலக்கணத்தைக் கற்க முடியாது. அங்கே இயல்பான ஓட்டம் எப்படி இருக்கும் என்று மட்டும் கற்று, விலகலைச் சுட்டிக்காட்டும் முறைகளே பொருந்தும்.

தொடர்ந்து ஓடும் பதிவை மரங்களுக்கு ஏற்ற அட்டவணையாக மாற்றும்போது ‘பழுது’ என்ற முத்திரையை எங்கே குத்துவது என்பதும் தீர்மானிக்க வேண்டியது. பழுதான நாளை மட்டும் குறித்தால் எச்சரிக்கை கிடைக்கும்போது இயந்திரம் ஏற்கெனவே நின்றிருக்கும். பணிமனையில் இடம் கிடைத்துப் பாகம் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றால், பழுதுக்கு முந்தைய மூன்று வாரங்களைக் குறிப்பது ஒரு நியாயமான தொடக்கம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. அதில் கடந்த நாளின் சராசரி அழுத்தம், கடந்த வாரத்தின் சராசரி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கம்ப்ரஸர் ஓடிய விகிதம் போன்றவை. எல்லாமே அந்த நாளுக்கு முன் தெரிந்த தகவலாக மட்டும் இருக்க வேண்டும். பழுதான பிறகும் பழுது நீக்கும் நாட்களிலும் பதிவான வரிசைகளை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பணிமனையில் நிற்கும் இயந்திரத்தின் அடையாளங்களையே பழுதின் முன்னறிகுறி என்று மாதிரி கற்றுக்கொள்ளும். ஸ்கேனியாவும் இந்தத் திசையில் நகர்ந்தது. 2024இல் வெளியிட்ட அடுத்த தரவில் ஒரே லாரியின் அளவீடுகள் காலவரிசையில் பலமுறை இடம்பெற்றன. கேள்வியும் பழுது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதாக மாறியது.

அட்டவணையாக மாற்ற முடியாத பதிவுகளும் உண்டு. பேரிங்கின் அதிர்வை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த அலைவடிவம், சுழலும் இயந்திரத்தின் ஒலி, வெல்டிங்கின் புகைப்படம் போன்றவற்றில் செய்தி தனித்தனி எண்களில் இல்லை. அவற்றின் அமைப்பில் இருக்கிறது. அங்கே ஆழ்கற்றலுக்கு இயல்பான இடம் உண்டு. அப்படிப்பட்ட பதிவிலும், அதிர்வின் முக்கிய அதிர்வெண்களின் வலிமையைப் பொறியாளர் ஒருவர் முன்பே எண்களாக எடுத்துத் தந்துவிட்டால் மீண்டும் அட்டவணைதான் மிஞ்சும். மரங்களும் மீண்டும் போட்டியில் இறங்கும்.

களத்தில் வைத்த மாதிரியும் நாளடைவில் தேயும். மரம் தான் பார்த்த எல்லைக்கு வெளியே கணிக்காது. பயிற்சியில் இருந்த லாரிகள் அதிகபட்சம் 5 லட்சம் கிலோமீட்டர் ஓடியவை என்றால், 9 லட்சம் ஓடிய லாரியை அது 5 லட்சம் ஓடியதைப் போலவே நடத்தும். எந்த எச்சரிக்கையும் எழுப்பாமல். சென்சாரை வேறு உற்பத்தியாளருடையதாக மாற்றினால், ஒரே அழுத்தத்துக்குச் சற்று வேறு எண் வரும். மரம் வைத்த எல்லைகள் இடம் தவறிப்போகும். இன்னொரு குழப்பம் மாதிரியின் வெற்றியாலேயே வருகிறது. எச்சரிக்கை கிடைத்துப் பாகத்தை மாற்றிய லாரி பழுதாகாமல் போய்விடுவதால், அது பதிவில் ‘பழுதில்லை’ என்று ஏறும். அந்தப் பதிவைக் கொண்டு மாதிரியை மறுபடி பயிற்றுவித்தால், தான் சரியாகக் கண்டுபிடித்த அறிகுறிகளையே அது மறக்கத் தொடங்கும். இதைத் தடுக்க, கழற்றிய பாகத்தை மெக்கானிக் பார்த்து அது உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று எழுதிவைக்க வேண்டும். பயிற்சிக்கான முத்திரை அந்தக் குறிப்பிலிருந்து வர வேண்டும்.

அந்தக் குறிப்பை எழுதும் மெக்கானிக்குக் காரணமும் தெரிய வேண்டும். ஒரு லாரியின் மதிப்பீட்டை எந்தப் பத்தி எவ்வளவு உயர்த்தியது, எது குறைத்தது என்று பிரித்துக் காட்டும் ஷாப் என்ற கணக்கு முறை மரங்களுக்கு வேகமாகவும் துல்லியமாகவும் கிடைக்கிறது. 1.7இல் தொடங்கிய மதிப்பீடு 30 சதவீதமானதற்குக் கம்ப்ரஸர் ஓடும் விகிதமே முக்கியக் காரணம் என்று தெரிந்தால், மெக்கானிக் கசிவைத் தேடிக் குழாய் இணைப்புகளில் முதலில் கைவைப்பார். எந்தச் சென்சாரும் இல்லாத ஒரு பத்தி, அதாவது பணிமனையின் எண்ணோ பதிவு எடுத்த மாதமோ, பட்டியலின் உச்சியில் வந்து நின்றால் பழுது லாரியில் இல்லை. அட்டவணையைத் தயாரித்த விதத்தில் இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்கிவிட்டு முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டியதுதான்.